ஜெயிச்சவங்க காப்பி போடணும்

ஒரு ஊர்ல ஒரு அக்கா இருந்தா. பேரு சங்கரவடிவு. ஊரே அவளை வடிவக்கான்னுதான் கூப்பிடும். சரியான பிடிவாதக்காரி. நூல்ல ஒரு சிக்கு விழுந்துதுன்னு வையி, நாமெல்லாம் என்ன பண்ணுவோம்? கத்தரியை எடுத்து நறுக்குன்னு வெட்டிட்டு வேற வேலையைப் பாப்போம். வடிவக்கா வெட்ட மாட்டா. சோறு தண்ணி மறந்து உக்காந்து பிரிப்பா. நகத்தால பிரிப்பா, அதுவும் முடியலைன்னா பல்லால கடிச்சு இழுப்பா. பிரிச்சிட்டுத்தான் எந்திரிப்பா.

ம் சொல்லு. நீ ம் கொட்டலைன்னா நான் சுவத்துக்கா கதை சொல்றது? ஆங், அப்படி.

அவளுக்கு ஒரே தம்பி, குத்தாலம். தையக்காரன். கடைவீதியில சின்னதா ஒரு கடை. விடிஞ்சா போதும், கடகடகடகடன்னு மிஷின் ஓடுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். பள்ளிக்கூடத்துச் சட்டை, கால்சட்டை எல்லாம் அவன்கிட்டதான் வரும். அவன் பொண்டாட்டி செண்பகம், வீட்டுல உக்காந்து காஜா எடுத்து, பித்தான் தைப்பா. வடிவக்கா புருஷன் கொம்பையா ஒரு வாயில்லாப் பூச்சி. பக்கத்து பக்கத்து வீடு, அதனால நாலு பேருக்கும் ஞாயித்துக்கிழமைன்னா ஒரே கொண்டாட்டம்தான்.

என்ன கொண்டாட்டம்? சீட்டு! மத்தியானம் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, ஜமுக்காளத்தை விரிச்சு உக்காந்துருவாங்க. ரம்மி. ஆளுக்குப் பதிமூணு சீட்டு, ஒண்ணை எடு, ஒண்ணைப் போடு, வரிசையா சேரு. சர்ர்ரக்னு கலைப்பாங்க, பட் பட் பட்டுன்னு போடுவாங்க. காசு கிடையாது. ஒரு பழைய டப்பா நிறைய புளியங்கொட்டை இருக்கும். ஆளுக்கு ஒரு கை அள்ளிக் குடுத்துருவா வடிவக்கா. தோத்தவங்க ஜெயிச்சவங்களுக்குக் கொட்டை எண்ணிக் குடுக்கணும். பால்காரர் சைக்கிள் மணி கிணிங் கிணிங்னு தெருவுல கேட்டுதுன்னா ஆட்டம் அவ்வளவுதான். கையில எம்புட்டு நல்ல சீட்டு இருந்தாலும் கவுத்து வச்சிரணும். கொட்டை எல்லாம் திரும்ப டப்பாவுக்குள்ள கலகலன்னு போயிரும்.

அப்புறம் ஒரு வழக்கம் உண்டு அந்த வீட்டுல. வேற எங்கயும் கேள்விப்பட்டிருக்க மாட்டே. யாருகிட்ட அதிகக் கொட்டை இருக்கோ, அதான் ஜெயிச்சவங்க இருக்காங்கல்ல, அவங்கதான் அடுப்படிக்குப் போயி எல்லாருக்கும் சுக்குக் காப்பி போடணும். தோத்தவங்க காலை நீட்டிக்கிட்டு ஜம்முனு உக்காந்து குடிக்கணும். குத்தாலம் ஜெயிச்சான்னா, "நல்லா வந்து மாட்டிக்கிட்டேன்டா சாமி"ன்னு தலையில கையை வச்சிக்கிட்டே போவான். எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிப்பாங்க.

தூங்கிட்டியா? ம். சரி.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை குத்தாலம் சொன்னான், "யக்கா, கொட்டைக்கு ஒரு ரூபா வச்சுக்குவோமா? சும்மா ஒரு ருசிக்கு."

வடிவக்காவும் சிரிச்சிக்கிட்டே, "வச்சா போச்சு"ன்னுட்டா. ஒரு ரூபாயில என்ன ஆயிரப்போகுது? ஆட்டம் நல்லாத்தான் இருந்துது. சத்தமும் கூடுதல், சிரிப்பும் கூடுதல். ஆனா நாலு வாரம் போகல, ஒரு ரூபா அவனுக்குச் சப்புன்னு ஆயிருச்சு. "அஞ்சா ஏத்துவோம் மதினி, ஏன் பயப்படுற"ன்னு தன் பொண்டாட்டி செண்பகத்தையே மதினிம்பான் வெளையாட்டுக்கு. அப்புறம் அஞ்சும் பத்தலை. பால்காரர் மணி கேக்கும், கிணிங் கிணிங். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்க்கா"ம்பான். அந்த ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. செண்பகம் எந்திரிச்சா, "ஜெயிச்சதும் ஓடுறியா?"ன்னு சீறுவான். கொம்பையா நல்ல சீட்டு இல்லைன்னு கையை மடக்கி வச்சா, "அதென்ன அத்தான் பயந்தாங்கொள்ளி ஆட்டம்"ம்பான். சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவான், ஆனா கண்ணு சிரிக்காது.

வடிவக்காவுக்கு ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துது. என்னன்னு பிடிபடலை. ஒருநா சாயங்காலம் அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தவ, சுக்கு டப்பாவைத் தொறந்து பாத்தா. போன மாசம் வாங்கின சுக்கு அப்படியே கெடந்துது. அப்போதான் அவளுக்குச் சுருக்குன்னு தைச்சுது. இந்த வீட்டுல ஜெயிச்சவங்க காப்பி போட்டு எத்தனை நாளாச்சு! ஜெயிச்சவன் காசை எண்ணிக்கிட்டு இருக்கான், தோத்தவன் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு இருக்கான். காப்பியை யாரும் கேக்கவே இல்ல.

அப்போ ஒண்ணொண்ணா அவ கண்ணுல பட ஆரம்பிச்சுது. ஊருக்கு வெளிய தோப்புக்குள்ள ஒரு கொட்டகை, அங்க பணம் வச்சு ஆடுவாங்க. குத்தாலம் அங்க போக ஆரம்பிச்சிருந்தான். ஜெயிச்ச அன்னைக்கு அல்வாப் பொட்டலத்தோட வந்து தெருவுக்கே சொல்லுவான். தோத்த அன்னைக்கு வாயே தொறக்க மாட்டான். அதனால கேக்கிறவங்களுக்கு அவன் எப்பவுமே ஜெயிக்கிற மாதிரிதான் இருக்கும். கடைக்கு வர்ற பிள்ளைங்க, "மாமா, எங்க சட்டை?"ன்னு கேட்டா, "நாளைக்கு"ம்பான். நாளைக்கும் நாளைக்குத்தான். கடகட சத்தம் தெருமுனைக்கு வர்றது குறைஞ்சு போச்சு. ராத்திரி சாப்பாட்டுல உக்காந்தா வெரலு தட்டு ஓரத்துல சீட்டு பிரிக்கிற மாதிரி ஆடும்.

செண்பகம் வந்து அழுதா. "மதினி, எங்க அண்ணன்கிட்ட கைமாத்து வாங்கியிருக்காரு. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லி வாங்கியிருக்காரு."

கொம்பையா மெதுவா வாயைத் தொறந்தாரு. "என்கிட்டயும் வாங்கினான். யாருகிட்டயும் சொல்லாதீங்க அத்தான்னான்."

வடிவக்கா தலையில அடிச்சுக்கிட்டா. அவகிட்டயும் வாங்கியிருந்தான், அதே பேச்சுதான்! ஒருத்தருக்கொருத்தர் தெரியாம மூணு பேரும் பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க, முட்டாப் பசங்க.

அவளுக்குப் பயம் பிடிச்சுக்கிட்டுது. அம்மா இல்லாம இடுப்புல தூக்கி வளத்த தம்பி. அவன் கடையும் போயி குடும்பமும் போயி நடுத்தெருவுல நின்னுட்டா? "விட மாட்டேன்"னா. "இந்தச் சிக்கை நான் பிரிக்காம எந்திரிக்க மாட்டேன்."

ம்? ம். நல்ல பிள்ளை.

முதல்ல கொம்பையா ஒரு யோசனை சொன்னாரு. "நல்லா தோக்கட்டும். பட்டாத்தான் புத்தி வரும்." அடுத்த ஞாயிறு நாலு பேரும் உக்காந்தாங்க. அவனுக்கு என்ன சீட்டு வேணும்னு பாத்துப் பாத்து, அதைக் கீழ போடாம எல்லாரும் கையிலயே அமுக்கிக்கிட்டாங்க. குத்தாலம் எடுக்கிறான், போடுறான், ஒண்ணும் சேரல. தோத்தான், மறுபடி தோத்தான், அப்படித் தோத்தான். மூஞ்சி சுண்டிப் போச்சு. சரி, புத்தி வந்துருச்சுன்னு இவங்க நெனைக்க, அவன் விருட்டுன்னு எந்திரிச்சான். "விட்டதைப் பிடிக்காம எப்படிக்கா வீட்டுக்குப் போறது?"ன்னான். நேரா கொட்டகைக்குப் போயிட்டான்.

அப்புறம் வடிவக்கா ஒரு யோசனை பண்ணினா. பாசம் கண்ணை மறைச்சுருச்சு பாவம். "விட்டதை எடுத்துட்டான்னா நிறுத்திருவான். நாமளே ஜெயிக்க விடுவோம்." அவனுக்கு முன்னால சீட்டு போடுறவ அவதான், அவ போடுறதை அவன் எடுத்துக்கலாம். ஆட்டின்னு செவப்பு இதயம் போட்ட சீட்டு இருக்குல்ல, அதுல ஏழாம் நம்பர் சீட்டை அவன் கீழ இருந்து எடுத்தான். சரி, இவனுக்கு எட்டு வேணும்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவகிட்ட எட்டு, ஒம்போது, பத்துன்னு வரிசையா அழகா சேந்து இருந்துது. அந்த வரிசையை உடைச்சு எட்டை உருவிப் போட்டா. பட்! அவன் லபக்குன்னு எடுத்தான். "டிக்!"னு ஜெயிச்ச சீட்டை விரிச்சான். மூஞ்சியில என்ன வெளிச்சங்கிறே! சின்னப் பிள்ளையில அவனுக்குச் சட்டை தைச்சுப் போட்டப்போ இருந்த மூஞ்சி. வடிவக்காவுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அன்னைக்கு முழுக்க அவனை ஜெயிக்க விட்டாங்க.

நிறுத்தினானா? நீ சொல்லு. ம்ஹூம்! "இன்னைக்கு நமக்கு நாளுடா"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டான். அந்தப் பணத்தை அப்படியே எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்கு ஓடிட்டான்.

மறுநாள் தெருவுல கடகட சத்தமே இல்ல. வடிவக்கா கடைக்கு ஓடினா. மிஷின் இருந்த இடத்துல நாலு காலு தடம் மட்டும் தரையில இருக்குது. அடமானத்துக்குப் போயிருச்சு. அப்போ அவ மூணாவதா ஒண்ணு பண்ணினா. கையில கெடந்த வளையலைக் கழட்டிக் குடுத்து மிஷினை மீட்டுக்கிட்டு வந்தா. குத்தாலம் அம்மா படத்துக்கு முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினான். அழுதுக்கிட்டேதான் பண்ணினான், பொய்யா ஒண்ணும் பண்ணலை. கடன் தீந்துது, மனசு லேசாச்சு, லேசான மனசோட அவன் காலு எங்க போச்சு தெரியுமா? தோப்புக்குத்தான். ஒரு மாசத்துல மிஷின் மறுபடி காணோம்.

வடிவக்கா அன்னைக்கு அழவே இல்ல. ஒரு நூல்கண்டு சிக்கை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தா. பிரிக்கப் பிரிக்க யோசிச்சா. தோத்தாலும் போறான். ஜெயிச்சாலும் போறான். கடன் தீந்தாலும் போறான். அப்போ பணமும் காரணம் இல்ல, ஜெயிக்கிறதும் காரணம் இல்ல. கொம்பையாகிட்ட சொன்னா, "நாம இம்புட்டு நாளும் அவன் கையில என்ன சீட்டு இருக்குன்னே பாத்துக்கிட்டு இருந்தோம். அவனால எந்திரிக்க முடியலைங்கிறதை யாருமே பாக்கலை."

மறுநாள் காலையில கடைக்குப் போனா. ஆடிட்டு வந்த சூட்டுல பேசினா காதுல ஏறாதுன்னு, அவன் நிதானமா இருக்கிற நேரமாப் பாத்துத்தான் போனா. திட்டலை. மிஷின் இல்லாத இடத்துல போயி சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டா.

"என்னக்கா, புத்தி சொல்ல வந்தியா?"

"இல்ல. பாத்ததைச் சொல்ல வந்தேன்." அவ பாத்தது எல்லாத்தையும் சொன்னா. மூணு பேருகிட்ட வாங்கின கைமாத்து, தைக்காத சட்டை, தட்டு ஓரத்துல ஆடுற வெரலு.

அவன் குதிச்சான். "நான் என்ன குடிக்கிறேனா? பொம்பளை பின்னாடி போறேனா? இது புத்தி ஆட்டம்க்கா! கொஞ்சம் கை திரும்பினாப் போதும், வளையலோட சேத்து மீட்டுருவேன்!"

"சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். போன தடவை உக்காந்தப்போ எப்போ எந்திரிக்கணும்னு நெனச்சே?"

"வெயில் தாழ."

"எப்போ எந்திரிச்சே?"

குத்தாலம் சின்னப் பிள்ளை மாதிரி மூஞ்சியைப் பொத்திக்கிட்டு ஓன்னு அழுதான். "எந்திரிக்கணும்னுதான்க்கா ஒவ்வொரு தடவையும் நெனைக்கிறேன். காலு எந்திரிக்க மாட்டேங்குது. இந்தக் கடனை மட்டும் அடைச்சிரு, இனிமே..."

"மாட்டேன்"னா வடிவக்கா. "ஒத்தப் பைசா தர மாட்டேன். நான் அடைச்ச கடன்தான் உனக்குத் திரும்பவும் கதவைத் தொறந்து விட்டுது."

"அப்போ என்னைக் கைவிட்டுட்டியா?"

"பணத்தைத்தான்டா விட்டேன். உன் கையை எங்க விட்டேன்?" அவன் கையைப் பிடிச்சு எழுப்பினா. "சோறு இருக்கு. நான் இருக்கேன். இப்பவே வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஆமா, ஆஸ்பத்திரிக்குத்தான்! பெரியாஸ்பத்திரியில மனசுக்கு வைத்தியம் பாக்கிற டாக்டரம்மா ஒருத்தங்க இருந்தாங்க. "இவரை மாதிரி நிறைய பேரு வர்றாங்க, வெக்கப்படாதீங்க"ன்னாங்க. வாரா வாரம் வரச் சொன்னாங்க. வீட்டுல எல்லாருக்கும் விஷயம் தெரியணும், ஒளிவு மறைவு கூடாதுன்னாங்க. கொஞ்ச நாளைக்கு அவர் கையில காசு தங்க வேணாம்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க, "புளியங்கொட்டைக்குக்கூட ஆடக் கூடாது. சீட்டு கையில பட்டாலே பழைய நெனப்பு வந்துரும்."

அப்போ என்னாச்சு, சீட்டும் கொட்டை டப்பாவும் பரண் மேல ஏறிக்கிச்சு. குத்தாலம் இன்னொருத்தர் கடையில கூலிக்குத் தைச்சான். கூலியைச் செண்பகம் கையில வாங்கிக்குவா, அவதான் கடன்காரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுப்பா. சாயங்காலம் தோப்புப் பாதையில தனியா வரக் கூடாதுன்னு கொம்பையா போயி கூடவே நடந்து கூட்டியாருவாரு. பேச மாட்டாரு, சும்மா கூட நடப்பாரு. எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்காதே. ஒருநா கொம்பையாவுக்குக் காய்ச்சல். குத்தாலம் தனியா வந்தான். காலு கொட்டகைப் பக்கம் திரும்பிருச்சு. ஆனா இந்தத் தடவை அவனே வந்து வாசல்ல நின்னு, "போயிட்டேன்க்கா"ன்னான், தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

வடிவக்கா தட்டை எடுத்து வச்சா. "ஒளிக்காம சொன்னியே, அது போதும். கையைக் கழுவிட்டுச் சாப்பிடு, நாளைக்குத் திரும்பத் தொடங்குவோம்"னா. சிக்கைப் பிரிக்கும்போது நூலு ஒரு இடத்துல இறுகத்தான் செய்யும், அதுக்காகக் கத்தரியைத் தூக்குவாளா அவ?

ம். கண்ணு சொக்குது பாரு. இன்னும் கொஞ்சந்தான்.

அப்புறம் ஒரு வருஷம் போயி, தெருமுனையில மறுபடியும் கடகடகடகட! அவன் உழைச்சு மீட்ட மிஷின். அன்னைக்குக் குத்தாலமே சொன்னான், "யக்கா, எனக்காக நீங்க ஏன் சீட்டை மறக்கணும்? ஆடுங்க. நான் பக்கத்துல வரமாட்டேன்." வடிவக்கா யோசிச்சா. பரண்ல இருந்து சீட்டையும் டப்பாவையும் இறக்கினா. ஆனா பழைய வழக்கத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. கொட்டைதான், காசு பேச்சே கிடையாது. பால்காரர் மணியடிச்சா சீட்டு கீழ. யாரு எப்போ எந்திரிச்சாலும் கேலி பண்ணக் கூடாது. ஜெயிச்சவங்க காப்பி போடணும்.

அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை விருந்தாளி வந்தாரு. கொம்பையாவோட அக்கா புருஷன், பேரு திருமலைக்கொழுந்து. ஓட்டை வாயி. ஆட்டம் நடக்குது, வடிவக்கா கையில சீட்டெல்லாம் அழகா சேந்துருச்சு, ஒரே ஒரு ஆட்டின் எட்டு வந்தா டிக்கு. குத்தாலம் ஒரு சட்டையைக் குடுத்துட்டுப் போக உள்ள வந்தான்.

"ஏலே குத்தாலம், வா உக்காரு! அடுத்த ஆட்டம் உனக்கும் சேத்துப் போடுறேன்"னாரு திருமலைக்கொழுந்து.

"வேண்டாம் அண்ணாச்சி."

"புளியங்கொட்டைக்கு ஆட என்னலே பயம்? ஒரே ஒரு ஆட்டம்!"

குத்தாலம் கண்ணு சீட்டுக் கட்டுல போயி ஒட்டிக்கிச்சு. வெரலு மெதுவா ஆடுது. வடிவக்காவுக்கு எந்திரிச்சு அவனை வெளிய தள்ளிரலாமான்னு வந்துது. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தா. இந்த முடிச்சை அவன்தான் அவிழ்க்கணும்.

அப்போ குத்தாலம் நிமிந்தான். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னான், "எனக்கு இது ஆகாது அண்ணாச்சி. உக்காந்தா நான் எந்திரிக்க மாட்டேன். அதனால உக்காரலை."

சொல்லிட்டு வெளிய போகலை. விறுவிறுன்னு அடுப்படிக்குள்ள போனான். டங் டங் டங்குன்னு சுக்கு தட்டுற சத்தம் கேட்டுது.

திருமலைக்கொழுந்து வாயைப் பிளந்துக்கிட்டு ஒரு சீட்டைக் கீழ போட்டாரு. பட்! என்ன சீட்டு? ஆட்டின் எட்டு! "எடு வடிவு, உன் முறை"ன்னாரு.

வடிவக்கா அதைத் தொடவே இல்ல. கையில இருந்த சீட்டை அப்படியே கவுத்து வச்சா. கண்ணுல தண்ணி கொட்டுது, மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"ஆட்டம் முடிஞ்சு போச்சு அண்ணே"ன்னா. "ஜெயிச்சவன் காப்பி போடப் போயிருக்கான்."

ம்?

ம் இல்லையா? சரி சரி. காப்பியும் குடிச்சாச்சு, கொட்டையும் டப்பாவுக்குள்ள போயாச்சு. கதையும் காலை நீட்டிப் படுத்தாச்சு, நீயும் தூங்கு.